சென்னையில் இரவு, டொரண்டோவில் காலை

யூடியூப் ஸ்டுடியோவின் Audience பகுதியில் ஊதாக் கோடுகளாக ஒரு வரைபடம் இருக்கும். கடந்த 28 நாட்களில் நம் பார்வையாளர்கள் எந்தெந்த நேரம் யூடியூபில் இருந்தார்கள் என்று அது சொல்லும். நிறம் அடர்ந்தால் கூட்டம் அதிகம். சிக்கல் என்னவென்றால், எல்லா நாட்டினரையும் ஒன்றாகக் கலந்து, நம் ஊர் நேரத்தில் காட்டுகிறது. காலை 7 மணி அடர்ந்திருந்தால் அவர்கள் சென்னையில் கண்விழித்தவர்களா, கோடைகால டொரண்டோவில் இரவு 9.30-க்குப் படுக்கப்போகிறவர்களா? நாடுவாரிப் பார்வைக் கணக்கைப் பக்கத்தில் வைத்தால்தான் புரியும்.

பல நாட்டுத் தமிழர்கள் பார்க்கும் சேனலுக்கு நான் ஞாயிறு இரவு 7.30-ஐத்தான் பரிந்துரைப்பேன். அப்போது சிங்கப்பூரில் இரவு 10, துபாயில் மாலை 6. கோடையில் லண்டனில் பிற்பகல் 3, டொரண்டோவில் காலை 10. அதையே புதன்கிழமை வைத்தால் லண்டன், டொரண்டோக்காரர்கள் வேலையில் இருப்பார்கள். குளிர்காலத்தில் அவ்விரு ஊர்களிலும் ஒரு மணி நேரம் முன்னதாகவே தொடங்கிவிடும். டொரண்டோவுக்குக் காலை 9 மணி. ஆகவே மார்ச்சிலும் இலையுதிர் காலத்திலும் அறிவிப்பு நேரத்தை மறுபடி சரிபாருங்கள்.

சாதாரண வீடியோவுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். எல்லோரும் ஒரே நேரத்தில் கூடவேண்டிய பிரீமியருக்குத்தான் இந்தக் கணக்கு.