மைக் வைக்குமுன் தோலைச் சரிபார்ப்போம்

சென்ற பொங்கலையொட்டி நம் சங்கத்துச் சிறுவர்கள் பாடிய பாட்டை ஒலிப்பதிவு செய்ய, செகந்திராபாத்தில் ஓர் அறையை மூன்று மணி நேரத்திற்கு வாடகைக்கு எடுத்திருந்தோம். பாட்டு நன்றாயிருந்தது, டிரம் செட்தான் பாட்டைக் கெடுத்தது. அடி விழுந்து ஓய்ந்த பின்னும் 'வோங், வோங்' என்று அலையலையாக ஒரு நாதம் இழைந்துகொண்டேயிருந்தது. மைக்கை முன்னும் பின்னும் நகர்த்தியே ஒரு மணி நேரம் கழிந்தது. குறை மட்டும் தீரவில்லை.

அப்போது துணைக்கு வந்திருந்த மிருதங்கக்காரப் பெரியவர் கேட்டார்: "தம்பி, வலந்தலையைச் சுற்றிலும் தட்டிப் பாராமல் யாராவது கச்சேரிக்கு உட்காருவார்களா? இதற்கு மட்டும் ஏன் அந்த விதி இல்லை?"

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. மிருதங்கத்தின் நடுவேயுள்ள கருஞ்சோற்றினால் அதன் மேல்நாதங்கள் அடிநாதத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என ஒழுங்காக அமைகின்றன. இதனைச் சி. வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920ஆம் ஆண்டில் 'நேச்சர்' ஏட்டில் விளக்கினர். டிரம்மின் தோலில் சோறு கிடையாது. ஆகவே அதன் அடுத்த மேல்நாதம் ஏறக்குறைய 1.59 மடங்கில் நின்று, அடிநாதத்தோடு இசையாமல் தனித்து ஒலிக்கும். அதன் மேலும் தோலின் இழுவை ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்திருந்தால், அம்மேல்நாதமே மிக நெருங்கிய இரண்டு சுருதிகளாகப் பிளந்து ஒன்றோடொன்று மோதும். நாங்கள் கேட்ட அலை அதுதான். அதை மைக் உண்டாக்கவில்லை. மைக்கால் போக்கவும் இயலாது.

குற்றவாளி பன்னிரண்டு அங்குல டாம். அதன் மேல்தோலை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தபோது, நடுவில் கோல் பட்ட குழிகள் தெரிந்தன. இக்காலத்துத் தோல் உண்மையில் தோலன்று, பாலியெஸ்டர்த் தகடு. 1957இல் அமெரிக்காவில் ரெமோ பெல்லி தொடங்கிய நிறுவனம் இதைப் பரவச் செய்தது. கன்றுத்தோலைப் போல இது மழைக்காலத்தில் தொய்வதில்லை. ஆனால் குழி விழுந்துவிட்டால் மறுபடி சமமாகாது. மாற்றத்தான் வேண்டும். ஒற்றைத் தகடு நெடுநேரம் நாதம் தரும். இரட்டைத் தகட்டில் மேல்நாதங்கள் விரைவில் அடங்கும். எங்கள் பாட்டு மெதுவானது, அடிகளுக்கிடையே இடைவெளி மிகுந்தது. ஆகவே இரட்டைத் தகட்டை வாங்கி வரச் செய்தோம்.

பழைய தோலைக் கழற்றி, விளிம்பிலிருந்த தூசியைத் துடைத்தோம். டிரம்மைக் கம்பளியின்மேல் வைத்து மறுபக்கத்தை ஊமையாக்கி, முதலில் கீழ்த்தோலைச் சரிசெய்தோம். பிறகு புதிய மேல்தோலை வைத்து, ஆறு திருகுகளையும் விரலால் இயன்றமட்டும் இறுக்கினோம். அதன்பின் சாவியால் அரைச் சுற்று. ஒரு திருகு முடிந்ததும் அதற்கு நேரெதிர்த் திருகு. வரிசையாகச் சுற்றி வந்தால் தோல் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

தோலின் நடுவில் ஒரு விரலை மெல்ல வைத்து, ஒவ்வொரு திருகின் அருகிலும் இரண்டு விரற்கடை உள்ளே தட்டினால் சுருதி வேறுபாடு தெளிவாகக் கேட்கும். தாழ்ந்த இடத்தைச் சற்றே இறுக்கவேண்டும். உயர்ந்த இடத்தையோ வேண்டிய அளவுக்குக் கீழே தளர்த்தி மீண்டும் ஏற்றவேண்டும். இல்லையேல் அது அடித்து வாசிக்கையில் இறங்கிவிடும். இரு தோல்களும் ஒரே சுருதியில் நின்றால் நாதம் நீளும். நாங்கள் கீழ்த்தோலைச் சிறிது உயர்த்தி வைத்தோம், நாதம் சுருங்கியது. அலை முற்றிலும் நின்றுவிட்டது.

மிஞ்சிய சிறு ஒலிக்குத்தான் அடக்குமுறை. மிருதங்கத்தின் தொப்பியில் ரவை பூசுவது போன்றதே இது. ஒட்டுநாடாவின் ஒரு துண்டை நடுவில் மடித்து, வாசிப்பவருக்கு எதிர்ப்புற விளிம்பின் அருகே ஒட்டினோம். அதற்குமேல் வேண்டியிருக்கவில்லை. 1969இல் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் டிரம்களின்மேல் துணி விரித்தே வாசித்தார். அந்த மொத்தென்ற ஒலி வேண்டுமென்றே தேடியது. தேடாதவர் துணியை அடுக்கினால் அட்டைப்பெட்டியைத் தட்டியது போலாகும். மிகுந்த நாதத்தைப் பதிவிற்குப் பின் குறைக்க வழியுண்டு. இல்லாத நாதத்தைச் சேர்க்க இயலாது. சமமில்லாத தோலை மறைக்கவும் துணி உதவாது.

இறுதியில் ஒருவர் வாசிக்க, மற்றவர் பத்தடி தள்ளி நின்று கேட்டோம். வாசிப்பவர் காதருகே ஒலிக்கும் சிறு ஓசை பாட்டோடு சேர்கையில் மறைந்துவிடும். ஆதலால் தனியே கேட்டு முடிவு செய்யாமல் பாட்டோடு கேட்கவேண்டும். நன்றாயிருந்தது. பிறகுதான் மைக்கை வைத்தோம். எஞ்சியிருந்த முக்கால் மணி நேரத்தில் பாட்டு பதிவாகிவிட்டது.