மேட்ச் வராத ப்ரொஃபைல்: கோளாறு எங்கே?

டேட்டிங் ஆப்பில் மேட்ச் விழவில்லை என்றால் முதலில் போட்டோவை மாற்றுவார்கள், மறுநாள் பயோவை. அதுவும் பலிக்காவிட்டால் அக்கவுன்ட்டையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். இப்படி ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால், நிலைமை கொஞ்சம் தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாமல் போய்விடும்.

ஒரு மேட்ச் விழுவதற்குள் மூன்று காரியங்கள் வரிசையாக நடக்க வேண்டும். உங்கள் ப்ரொஃபைல் எதிராளியின் திரையில் வர வேண்டும். முதல் படத்தைப் பார்த்ததும் அவர் விரல் ஒரு நொடி நிற்க வேண்டும். உள்ளே போய்ப் படித்தவருக்கு, 'சரி, பேசிப் பார்க்கலாம்' என்று தோன்ற வேண்டும். முதலாவது செட்டிங்ஸின் பொறுப்பு, இரண்டாவது போட்டோவின் பொறுப்பு, மூன்றாவது பயோவின் பொறுப்பு. சோதனையும் அதே வரிசையில் நடக்க வேண்டும்.

கோவை சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை பார்க்கும் 29 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தூரம் 10 கிலோமீட்டர், வயது 23 முதல் 26 வரை என்று வைத்திருக்கிறார். டிண்டரைத் திறந்து கொஞ்ச நேரம் தள்ளினாலே, பக்கத்தில் புதிதாக யாரும் இல்லை என்று திரை சொல்லிவிடுகிறது. செட்டிங்ஸில்தான் கோளாறு என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. தூரத்தை 60 கிலோமீட்டர் ஆக்கினால் திருப்பூரும் பொள்ளாச்சியும் உள்ளே வந்துவிடும். வயதை 24 முதல் 31 வரை விரித்தால் இன்னும் பலர் வருவார்கள்.

இந்த வடிகட்டி இரண்டு பக்கமும் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 30 வயதுக்கு மேல் வேண்டாம் என்று வைத்திருக்கும் பெண்ணின் திரையில், பிறந்த வருடத்தைத் தவறாகக் கொடுத்து 32 ஆகிவிட்டவர் பெரும்பாலும் வர மாட்டார். ஊர் விஷயமும் அப்படித்தான். ஆப்பைக் கடைசியாகத் திறந்த இடத்தைத்தான் டிண்டர் கணக்கில் கொள்கிறது. சென்னைக்குப் போனபோது திறந்துவிட்டு, கோவை திரும்பியபின் திறக்காமலே இருந்தால் நீங்கள் இன்னும் சென்னைவாசிதான். ஆப்பை அவ்வப்போது பயன்படுத்துகிறவர்களையே முன்னால் காட்டுவதாக அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஆகவே பல வாரம் திறக்காமல் இருந்துவிட்டு மேட்ச் வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

செட்டிங்ஸைச் சரிசெய்த பிறகு ஒரு வாரம் வேறு எதையும் தொடாமல் இருங்கள். ஆட்கள் வருகிறார்கள், ஆனால் லைக் மட்டும் வரவில்லை என்றால் அடுத்தது போட்டோ.

நம்மவரின் முதல் படம் ஒரு நண்பனின் கல்யாணத்தில் எடுத்தது. மேடையில் ஆறு பேர், எல்லோரும் வேட்டி சட்டையில். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் நீட்டினால், "இதுல நீங்க யாரு, அண்ணா?" என்கிறார். அந்தக் கேள்வியே போதும், படத்தைத் தூக்கிவிடலாம். இரண்டாவது படத்தில் ஹெல்மெட், மூன்றாவதில் கூலிங் கிளாஸ், நான்காவதில் ஜிம் கண்ணாடி முன் முகத்தை மறைக்கும் போன். ஆக, நான்கு படம் இருந்தும் முகம் ஒன்றிலும் இல்லை. முதல் படத்தில் அவர் தனியாக இருக்க வேண்டும், கண் தெரிய வேண்டும், பகல் வெளிச்சம் இருந்தால் நல்லது. காலை வேளையில் ஜன்னலோரமாக நின்று வேறொருவரை எடுக்கச் சொன்னாலே போதும், ஸ்டுடியோ தேவையில்லை. இரண்டாவது முழு உருவம் தெரியும் படம். மூன்றாவது அவர் உண்மையிலேயே செய்கிற ஏதோ ஒன்றில் இருக்கும் படம். மங்கலான படங்களைப் போட்டு எண்ணிக்கையை நிரப்புவதைவிட மூன்று நல்ல படம் மேல். ஃபில்டரைத் தவிர்க்கலாம், நேரில் பார்க்கும்போது வேறு ஆளாகத் தெரிந்தால் சங்கடம்தான். ஆப் கேட்கும் செல்ஃபி சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். போலிக் கணக்குகளுக்குப் பயந்து அந்த டிக் இல்லாதவர்களைத் தவிர்க்கும் பெண்கள் நிறைய.

பயோ கடைசியில்தான். நம்மவர் எழுதியிருப்பது: 'ஃபுடி, ட்ராவலர், மற்றது நேரில் கேளுங்கள்.' இதைப் படிப்பவருக்குப் பதில் பேச ஒரு பிடி வேண்டாமா? அதே மனிதர், 'ஞாயிறு காலை ஆனைகட்டி வரை சைக்கிள், திரும்பும்போது எந்தக் கடையில் டிபன் என்பதில் மட்டும் பிடிவாதம்' என்று எழுதினால், 'எந்தக் கடை?' என்று கேட்கலாம். 'டைம் பாஸ் செய்பவர்கள் வேண்டாம்' போன்ற தடைப் பட்டியலை எடுத்துவிட வேண்டும். டைம் பாஸ்காரர்கள் அதைப் படித்து ஒதுங்கப்போவதில்லை, மற்றவர்கள்தான் கோபக்காரர் போலிருக்கிறது என்று நகர்ந்துவிடுவார்கள். கல்யாணத்தை நோக்கித்தான் வந்திருக்கிறார் என்றால் அதை மட்டும் ஒரு வரியில் நேராகச் சொல்லலாம்.

இவ்வளவு செய்தாலும் மேட்ச் மழையாகக் கொட்டாது. நம் ஊர் டேட்டிங் ஆப்புகளில் ஆண்கள் மிக அதிகம், பெண்கள் குறைவு. கோவை அளவுள்ள ஊரில் அந்த நெருக்கடி கூடுதலாகவே தெரியும். ஆகவே சரிசெய்த ப்ரொஃபைலைப் பெங்களூர்க்காரர் எண்ணிக்கையோடு ஒப்பிடாமல், அவருடைய முந்தைய மாதத்தோடு ஒப்பிட வேண்டும். மேட்ச் விழுந்தும் பேச்சு 'ஹாய்' என்பதோடு நின்றுவிடுகிறது என்றால், போட்டோவையும் பயோவையும் மறுபடி நோண்ட வேண்டாம். அது முதல் மெசேஜில் இருக்கும் கோளாறு.