போனை நிறைக்கும் பாட்டும் படமும்

போனில் இடம் தீர்ந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்ததும் நம் கை முதலில் போவது கேலரிக்கு. வளைகாப்புப் படம், குழந்தை தவழ்ந்த வீடியோ, வாட்ஸப்பில் வந்த காலை வணக்கம் என்று ஒவ்வொன்றாக அழிக்கிறோம். அரை மணி நேரம் அழித்தாலும் ஒரு ஜி.பி. தேறாது. உண்மையில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை வேறு: ஊருக்குப் போகும்போது கேட்கலாம் என்று இறக்கி வைத்த பாட்டுகளும், பாதி பார்த்து விட்ட வெப் தொடரும். அவை கேலரியில் தெரியாது, ஃபைல்ஸ் ஆப்பில் தேடினாலும் அகப்படாது. ஆப் அவற்றைப் பூட்டுப் போட்டு, தன் சொந்த இடத்தில் வைத்திருக்கும். அந்த ஆப்பைத் தவிர வேறெதனாலும் திறக்க முடியாது.

ஒரு பாட்டு எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை நாமே கணக்குப் போட்டுவிடலாம். ஆப்பின் அமைப்புகளில் தரத்துக்குப் பக்கத்தில் சொல்லப்படும் கே.பி.பி.எஸ். என்பது ஒரு விநாடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் செலவாகிறது என்ற கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 320 என்றால் விநாடிக்கு 40 கிலோபைட், நிமிடத்துக்கு 2.4 எம்.பி. ஸ்பாட்டிஃபையில் Very high என்று போட்டிருக்கும் தரம் இந்த 320. அதற்குக் கீழே 160, 96 என்று இறங்கி, கடைசியில் 24-க்கு வரும். நாலரை நிமிடத் திரைப்பாட்டு 320-இல் கிட்டத்தட்ட 11 எம்.பி., 160-இல் 5.4 எம்.பி., 96-இல் 3.2 எம்.பி.

தனிப்பாட்டாகப் பார்த்தால் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நாம் தனிப்பாட்டை இறக்குவதில்லை, பட்டியலை இறக்குகிறோம். ‘இளையராஜா 80கள்’ என்று யாரோ தொகுத்து வைத்ததைப் பார்த்து அம்புக்குறியைத் தொட்டால் இருநூறு பாட்டு வரிசையில் நின்று இறங்கும். அதில் நாம் கேட்கப்போவது இருபது இருந்தால் அதிகம்.

இதையும் மீறிய ஒரு தரம் இருக்கிறது. Lossless என்று போட்டிருக்கும். ஒலியை எதுவும் கழிக்காமல் அப்படியே தருவது. ஆப்பிள் மியூசிக் தரும் கணக்கின்படி மூன்று நிமிடப் பாட்டு ஒன்று சாதாரண உயர்தரத்தில் 6 எம்.பி.; Lossless-இல் 36 எம்.பி.; Hi-Res Lossless-இல் 145 எம்.பி. அதாவது 10 ஜி.பி. இடத்தில் முதல் தரத்தில் ஏறக்குறைய ஆயிரத்து அறுநூற்றைம்பது பாட்டு அடங்கும், கடைசித் தரத்தில் எழுபதுகூட அடங்காது. சரி, அவ்வளவு இடம் கொடுத்தால் காதுக்கு என்ன கிடைக்கும்? புளூடூத் இயர்போனில் கேட்பவருக்கு அநேகமாக ஒன்றுமில்லை. போனிலிருந்து இயர்போனுக்குப் போகும் வழியிலேயே புளூடூத் அந்த ஒலியை மறுபடி சுருக்கிவிடுகிறது. நல்ல கம்பி ஹெட்ஃபோனும் அமைதியான அறையும் உள்ளவர்கள் அதை அனுபவிக்கட்டும். டவுன் பஸ்ஸிலும் ரயிலிலும் புளூடூத்தில் கேட்பதற்கு 160 தாராளம் என்பது என் கருத்து. பேச்சு மட்டுமே உள்ள பாட்காஸ்ட் என்றால் 96-ஏ போதும்.

வீடியோவுக்கு வந்தால் எம்.பி. கணக்கு ஜி.பி. கணக்காக மாறிவிடும். விநாடிக்கு ஒரு மெகாபிட் என்றால் மணிக்கு 450 எம்.பி. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒரே தரத்தில் இறக்கிய இரண்டு படங்கள் ஒரே அளவில் இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் பின்னணி அசைவதில்லை, அதைச் சுருக்குவது எளிது. கொட்டும் மழையில் சண்டை என்றால் ஒவ்வொரு துளியும் அசைகிறது, இடம் கூடுதலாகத்தான் செலவாகும்.

வீடியோவின் தரத்தை முடிவு செய்ய வேண்டியது உங்கள் போனின் திரை. விலை குறைந்த பல போன்களின் திரை 720க்கு 1600 புள்ளிகள் கொண்டது. பெட்டியில் HD+ என்று அச்சிட்டிருப்பார்கள். அதில் 1080p படத்தை ஓட்டினால் போன் அதைத் தன் திரைக்கு ஏற்பக் குறைத்துத்தான் காட்டும். கூடுதலாகக் கொடுத்த இடம் கண்ணுக்கு வந்து சேராது. முழு எச்.டி. திரை உள்ள போனிலும், ஆறரை அங்குலத்தில் 720p-க்கும் 1080p-க்கும் உள்ள வித்தியாசம் படத்தை நிறுத்தி உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

உறவுக்காரப் பெண் ஒருத்தி கோவையில் கல்லூரியில் படிக்கிறாள். 64 ஜி.பி. போன், HD+ திரை. அவள் இறக்கி வைத்திருந்தது 320 தரத்தில் அறுநூறு பாட்டு. ஒன்று நாலரை நிமிடம் என்றால் மொத்தம் 2,700 நிமிடம், ஆறரை ஜி.பி. கூடவே, முக்கால் மணி நேர எபிசோடுகள் எட்டு கொண்ட ஒரு தொடர் 1080p-இல். விநாடிக்கு மூன்று மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்கு எட்டு ஜி.பி. இரண்டும் சேர்ந்து பதினாலரை. பாட்டை 160-க்கும் தொடரைப் பாதி பிட் செலவாகும் 720p-க்கும் மாற்றியதும் அது ஏழேகால் ஜி.பி.யாகக் குறைந்தது. எபிசோடுகளைப் பார்த்து முடிக்க முடிக்க அழித்திருந்தால் இன்னும் குறையும். “அத்த, ஒரு வித்தியாசமும் தெரியலையே” என்றாள். அவளுக்கு ஒரு பாட்டுகூடக் குறையவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அமைப்பில் தரத்தை மாற்றியதும், ஏற்கெனவே இறக்கியவை தாமாகச் சுருங்கிவிடும் என்று நம்பக் கூடாது. பெரும்பாலும் புதிதாக இறக்குபவைதான் புதிய தரத்தில் வரும். பழையதை நீக்கிவிட்டு வைஃபையில் மறுபடி இறக்க வேண்டும். நீக்குவதையும் ஆப்புக்குள் Downloads பகுதிக்குப் போய்ச் செய்வதே நல்லது. போனின் செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்தால் Clear cache, Clear data என்று இரண்டு இருக்கும். முன்னது ஓட்டிப் பார்த்ததன் மிச்சங்களைத் துடைக்கும். பின்னது நீங்கள் உள்நுழைந்த கணக்கு உட்பட எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிடும்.

நாம் தொடாமலே நிறைவதும் உண்டு. நெட்ஃபிளிக்ஸில் Downloads for You என்ற வசதியை இயக்கினால், நமக்குப் பிடிக்கும் என்று அது நினைப்பதை 1, 3 அல்லது 5 ஜி.பி. வரை தானாக இறக்கி வைக்கும். யூடியூப் மியூசிக்கிலும் Smart downloads அப்படித்தான். கேட்காத பாட்டு பட்டியலில் இருக்கிறதே என்று திகைப்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸிலேயே, பார்த்து முடித்த எபிசோடை அழித்துவிட்டு அடுத்ததை இறக்கும் ஏற்பாடும் உண்டு. அதை அணைக்காமல் விடலாம், அது நமக்குத்தான் உதவி.

இறக்கியது என்றென்றும் நம்முடையது என்ற எண்ணத்தில் இடத்தை ஒதுக்குபவர்களுக்கு ஒரு தகவல். ஸ்பாட்டிஃபையில் முப்பது நாளுக்கு ஒருமுறையாவது போன் இணையத்தைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் இறக்கிய பாட்டுகள் ஓடாது. சந்தாவை நிறுத்தினாலும் அதே கதி. சில படங்களை ஒருமுறை ஓட்டத் தொடங்கினால் 48 மணி நேரம்தான் கெடு. சரக்குக் கப்பலில் ஏறி மாதக் கணக்கில் கடலில் இருப்பவர்களுக்கு இந்த விதி சரிப்படாது. அவர்கள் பழைய சிடியிலிருந்து எடுத்த எம்.பி.3 கோப்புகளை மெமரி கார்டில் கொண்டுபோவதுதான் நல்லது.