கடற்கரையில் ஒரு பிள்ளையைக் காணவில்லை

முல்லைத்தீவுக் கடற்கரையை அறியாத வன்னிவாசி அரிது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு முன்னதாகச் சிலாவத்தைக் கடலிலே தீர்த்தம் எடுத்து, அக்கடல்நீர் கொண்டு விளக்கெரிப்பது இப்பகுதி மக்களின் பழைய மரபு. அத்தகைய நாள்களிலும் நீண்ட விடுமுறைகளிலும், கிளிநொச்சி, வவுனியா முதலிய ஊர்களிலிருந்து மட்டுமன்றித் தென்பகுதியிலிருந்தும் குடும்பங்கள் பஸ்களில் வந்து இறங்குகின்றன. தமிழும் சிங்களமும் ஒரே மணலில் கலந்து ஒலிக்கின்றன. அந்தச் சனத்திரளில், தாயின் கையை ஒரு கணம் விட்ட பிள்ளை, மறு கணம் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடுகிறது.

அவ்வேளையில் ஒலிபெருக்கியில் என்ன சொல்ல வேண்டும்? இது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆயின், அரை நிமிடத்திற்குள் அடங்கும் அந்த அறிவித்தலிலே எத்தனை நுட்பங்கள் உள்ளன என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

அறிவித்தல் யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதே முதற்கேள்வி. பெற்றோருக்கு அன்று, அவர்களுக்குச் செய்தி ஏற்கெனவே தெரியும். பிள்ளைக்கும் அன்று, அழுதுகொண்டிருக்கும் சிறுவன் ஒலிபெருக்கியைச் செவிமடுப்பான் என்று எதிர்பார்க்க முடியாது. இந்நேரம் அச்சிறுவனின் பக்கத்தில் நிற்பவர் எவரோ, அவருக்காகவே அறிவித்தல். அவர் தமிழரா சிங்களவரா என்பது நமக்குத் தெரியாது. ஆகவேதான் இரு மொழிகள் தேவைப்படுகின்றன. அது வெறும் மரியாதை அன்று. ஒரு மொழியை விட்டால், பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களிற் பாதியை நாமே மூடிவிடுகிறோம்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஆறு வயதுச் சிறுவனைக் காணவில்லை என்று ஒரு தாய் ஒலிபெருக்கிக் கூடாரத்திற்கு ஓடி வருகிறார். அறிவிப்பாளர் உடனே ஒலிவாங்கியைப் பற்றிக்கொள்ளலாகாது. முதலில், நீந்தத் தெரிந்தவர்களும் உயிர்காப்பாளர்களும் தண்ணீரைப் பார்க்க அனுப்பப்பட வேண்டும். மணலில் அலையும் பிள்ளைக்கு நேரமுண்டு. நீரில் இருக்கும் பிள்ளைக்கு இல்லை. சோளகக் காலத்தில் இக்கரையிலே காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். காற்றடைத்த மிதவையில் இருக்கும் பிள்ளையை அது சத்தமின்றி அப்பால் இழுத்துச் சென்றுவிடும். பெற்றோரில் ஒருவர் முன்பு இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பிள்ளை தானாகத் திரும்பி வரின், அங்கே எவருமில்லாவிடில் மீண்டும் தொலைந்து போகும்.

அதன்பின், ஒரு தாளில் இரு மொழிகளிலும் எழுதிக்கொண்டு, பாட்டை நிறுத்தி, மூன்று விநாடி மௌனம் விட்டு, இவ்வாறு வாசிக்கலாம்:

“அன்பர்களே, சற்று அவதானியுங்கள். இது கடல் எச்சரிக்கை அன்று. ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைக் காணவில்லை. மஞ்சள் மேற்சட்டை. நீலக் கட்டைக் காற்சட்டை. காலிற் செருப்பில்லை. அவனைக் கண்டவர், அவ்விடத்திலேயே அவனுடன் நின்று, கையை உயர்த்துங்கள். பொலிஸார் வருவார்கள்.”

“இது கடல் எச்சரிக்கை அன்று” என்ற வாக்கியம் ஏன்? 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையை அழித்துச் சென்றதை மறந்தவர் இங்கு யார்? அக்கரையில் ஒலிபெருக்கி திடீரெனப் பதறினால், பலர் மனத்தில் எழும் முதல் எண்ணம் கடலைப் பற்றியதாகவே இருக்கும். சனம் ஓடத் தொடங்கினால், ஒரு பிள்ளை அன்றி ஒன்பது பிள்ளைகள் தொலைந்து போவர். ஆதலால், சொற்களைப் போலவே குரலும் அமைதியாக இருத்தல் வேண்டும். தாயின் கையில் ஒலிவாங்கியைக் கொடுக்கலாகாது என்பதும் இதனாலேயே.

பெயரைச் சொல்லாததையும் கவனிக்க வேண்டும். தீய எண்ணமுடைய ஒருவன் பெயரைக் கேட்டுவிட்டால், “தம்பி, அம்மா கூப்பிடுகிறா” என்று பெயர் சொல்லியே அழைத்துச் சென்றுவிட முடியும். பக்கத்தில் நிற்பவருக்கோ பெயரால் ஒரு பயனுமில்லை. சட்டையின் நிறமே கண்ணிற் படுவது. “கூட்டி வாருங்கள்” என்னாமல் “அங்கேயே நில்லுங்கள்” என்பதும் இக்காரணம் பற்றியே. கையை உயர்த்தி நிற்பவரை எல்லாரும் காண்பர். பிள்ளையோடு நடந்து செல்பவரை எவரும் ஐயுறார்.

இனி, சிங்களத்தில் வாசிப்பது. தமிழில் “பிள்ளை” என்பது போலச் சிங்களத்தில் “லமயா” என்னும் சொல்லும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வழங்கும். “பிரிமி லமயெக்” என்று தெளிவாகச் சொல்லாவிடில், கேட்பவர் சிறுமியைத் தேடக்கூடும். நீலம் “நில்” என்று காதுக்கு அண்மையாகவே ஒலிக்கிறது. மஞ்சளோ “கஹ” என்று முற்றாக மாறிவிடுகிறது. அரைகுறையாக அறிந்த மொழியை வாயில் வந்தவாறு பெயர்த்தால், நிறம் மாறும், வயது மாறும். இரு வாசிப்புகளிலும் அதே விபரங்கள், அதே ஒழுங்கில் வர வேண்டும். தமிழ், சிங்களம், மீண்டும் தமிழ், மீண்டும் சிங்களம் என்று நான்கு முறை வாசித்தல் நன்று. முதன்முறை காது திரும்பும். இரண்டாம் முறைதான் செய்தி பதியும்.

சுருக்கத்திற்கும் ஒரு காரணமுண்டு. ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீற்றர் செல்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் ஒரு குழல், 170 மீற்றர் தள்ளி மற்றொன்று என்றால், இரண்டாவதன் ஒலி அரை விநாடி பிந்தி வந்து முதலாவதன் மேல் விழும். விரைந்து பேசினால் ஒரு சொல்லை அடுத்த சொல் விழுங்கிவிடும். சிறு வாக்கியமும் அதன்பின் சிறு இடைவெளியுமே இதற்கு மருந்து. மேலும், ஒலி காற்று வீசும் திசையில் நன்கு செல்லும். எதிர்த்திசையில் மேலெழுந்து மங்கிவிடும். எனவே காற்று வரும் பக்கத்திற்கு ஆளை அனுப்பி வாயாற் சொல்ல வேண்டும்.

ஆர்ஜென்டீனாவின் கடற்கரைகளில் ஒலிபெருக்கி இல்லாமலே இக்காரியம் நடைபெறுகிறது. தொலைந்த பிள்ளையைக் கண்டவர் அதனைத் தோளில் தூக்கிக்கொள்ள, சூழ இருப்பவர் கைதட்டுகின்றனர். தட்டொலி கேட்கும் திக்கை நோக்கிப் பெற்றோர் ஓடி வருகின்றனர். கைதட்டலுக்கு மொழியில்லை அல்லவா?

பிள்ளை கிடைத்து, பெற்றோரைக் காணவில்லை எனின், முறை நேர்மாறாகும். அப்போது சட்டையின் நிறத்தையும் சொல்லலாகாது. “சிறுவன் ஒருவன் எம்மிடம் பத்திரமாக இருக்கிறான்” என்பதே போதும். வருபவரே பெயரையும் உடையையும் சொல்லி, பிள்ளையும் அவரை இனங்கண்டால் மாத்திரமே ஒப்படைக்க வேண்டும்.

அறிவித்தலுக்கும் எல்லையுண்டு. பயந்து வள்ளத்தின் மறைவில் ஒளிந்த பிள்ளையையும், பஸ்ஸில் உறங்கிவிட்ட பிள்ளையையும் அது தேடித் தராது. ஆகவே நான்கு வாசிப்பும் முடியட்டும் என்று காத்திராமல், தொடக்கத்திலேயே பொலிஸாருக்கு 119 என்ற இலக்கத்தில் அறிவித்தல் வேண்டும்.

கடைசியாக, பலரும் மறக்கும் ஒன்று. பிள்ளை கிடைத்ததும் தாய் அணைத்துக்கொள்கிறாள். கூடாரத்தில் எல்லாரும் மகிழ்கின்றனர். ஒலிபெருக்கியிற் பாட்டு தொடங்குகிறது. ஆனால் கரையெங்கும் முகந்தெரியாத பலர் இன்னும் மஞ்சள் சட்டையைத் தேடிக்கொண்டிருக்கின்றனர். சிலர் தண்ணீருக்குள்ளும் இறங்கி நிற்கின்றனர். “சிறுவன் கிடைத்துவிட்டான், நன்றி” என்பதையும் இரு மொழிகளிலும் சொல்லிய பின்னரே பாட்டுத் தொடங்கட்டும்.