வீட்டுக்கடனும் கணவரின் காப்பீடும்: மனைவி எழுதவேண்டிய கடிதம்

கணவர் இறந்த பிறகும் வீட்டுக்கடனுக்கான மாதத் தவணை கேட்டு வங்கியிலிருந்து அழைப்பு வருகிறது. கடன் வாங்கியபோதே காப்பீட்டுக்கும் பிரீமியம் கட்டியது பல மனைவியருக்குத் தெரிவதில்லை. கடன் ஒப்புதல் கடிதத்திலும் கணக்கு அறிக்கையிலும் அந்தப் பிடித்தம் இருக்கும். இது பெரும்பாலும் குழுக் காப்பீடு என்பதால், பாலிசி வங்கியின் பெயரில் இருக்கும். கடன்தாரருக்குக் கிடைப்பது காப்பீட்டுச் சான்றிதழ்தான்.

ஒரே கடிதத்தை வங்கி மேலாளருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் முகவரியிட்டு எழுதலாம். கடன் கணக்கு எண், சான்றிதழ் எண், இறந்த தேதி, காரணம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, இறப்புச் சான்றிதழ் நகலை இணைக்க வேண்டும். இறந்த தேதியன்று நிலுவை எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்பது மிக முக்கியம். இரு இடங்களிலும் தேதியிட்ட ஒப்புகை வாங்க வேண்டும்.

ஒரு கணக்கு பார்ப்போம். கடன் 20 லட்சம், ஆறாம் ஆண்டில் மரணம், நிலுவை 17.20 லட்சம். சான்றிதழ் அட்டவணையில் அந்த மாதக் காப்புத்தொகை 16.80 லட்சம் என்றால், மீதி 40,000 ரூபாய் குடும்பத்தின் பொறுப்பு. வட்டி உயர்ந்தாலோ தவணை தவறியிருந்தாலோ இந்த இடைவெளி வரும். காப்புத்தொகை நிலுவையைவிட அதிகமானால், மிச்சம் நாமினிக்குச் சேரும்.

நோயை மறைத்ததாகச் சொல்லிக் கோரிக்கையை நிராகரித்தால், காப்பீடு தொடங்கிய தேதியைப் பாருங்கள். மூன்றாண்டு கடந்திருந்தால் அக்காரணம் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி செல்லாது. நிராகரிப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கடன் முழுதாகத் தீர்ந்ததும், 30 நாளுக்குள் வீட்டுப் பத்திரங்களை வங்கி திருப்பித் தரவேண்டும். தன் தவறால் தாமதித்தால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.