ஏற முடியாத தசை இறங்கப் பழகும் விதம்

புல்-அப் கம்பியில் 12 வினாடிக்கு மேல் தொங்க முடியாத ஒருவருக்கு, முதுகில் எவ்வளவு வலு இருக்கிறது என்பதே தெரியவராது. முதுகின் முறை வருமுன் விரல்கள் விட்டுவிடுகின்றன. விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் உள்ளன. விடாமல் இறுக்கும்போது அவை தம் ஊடே செல்லும் ரத்தக்குழாய்களையும் சேர்த்து நசுக்குவதால், ரத்த ஓட்டம் குறைந்து சீக்கிரம் களைக்கின்றன. பிடியைத் தளர்த்தினால் ரத்தம் திரும்பப் பாயும். ஆகவே 40 வினாடி தொங்கிப் பழக வேண்டுமானால், 8 வினாடி வீதம் 5 முறை, நடுவே ஒரு நிமிட ஓய்வு என்று பிரித்துக்கொள்வதே வழி. பிடி குறைவாக உள்ளவரின் பயிற்சி முழுவதும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

மேலே ஏற முடியாதவரும் மெல்ல இறங்க முடியும். ஜிம்களில் இதை ‘நெகட்டிவ்’ என்பார்கள். தசை இழைக்குள் மயோசின் என்ற புரதத்தின் எண்ணற்ற சிறு கைகள் ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கின்றன. கிணற்றில் நீர் சேந்துபவர் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுப்பதைப் போன்றது அது. ஒவ்வொரு முறை பிடியை விட்டு அடுத்த இடத்தைப் பற்றவும் ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகிறது. வாளியை உள்ளே விடும்போது கதையே வேறு. கயிறுதான் கையை இழுக்கிறது. கை விட்டுக்கொடுத்தபடி பிடித்தால் போதும். மயோசினும் அப்படித்தான்: எடை அதை வெடுக்கென்று பிடுங்கிவிடுகிறது, அதற்கு ஏடிபி தேவையில்லை, உடனே மறுபடி பற்றிக்கொள்கிறது. டைட்டின் என்ற சுருள்வில் போன்ற புரதமும் இழுபட்டு விறைத்துத் துணை நிற்கிறது. கயிறே ரப்பராக மாறி வாளியைத் தாங்குவது போல! அதனால் தூக்க முடியாத எடையையும் அதே தசையால் இறக்க முடிகிறது. கயிறு உரசிய உள்ளங்கை மறுநாள் எரியும் அல்லவா, அந்த எரிச்சலுக்கும் இங்கே இணை உண்டு.

1952இல் ஆபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்துச் சங்கிலியால் இணைத்தனர். ஒருவர் மிதிக்க, மற்றவர் பெடலைத் தடுத்தார். விசை ஒன்றுதான், தடுத்தவருக்குச் செலவான ஆக்சிஜன் மிகக் குறைவு.

12 வினாடி மட்டுமே தொங்க முடிகிற, 60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஸ்டூலில் ஏறி, மோவாய் கம்பிக்கு மேல் இருக்கும்படி பிடித்து, கால்களை எடுத்துவிட்டு 5 வினாடியில் இறங்க வேண்டும். கை முழுதும் நீண்டதும் ஸ்டூலில் கால் வைத்து, பிடியை விட்டு, ஒன்றரை நிமிடம் ஓய்வு. இப்படி 4 முறை, வாரத்துக்கு இரண்டு நாள். 5 வினாடி என்பது அவருடைய 12 வினாடிப் பிடிக்குள் அடங்கிவிடுகிறது. பெரும்பாலானோர் முதல் பாதியை மெதுவாகக் கடந்து, முழங்கை செங்கோணத்தைத் தாண்டியதும் பொத்தென்று விழுவார்கள். தோள் வெட்டி இழுக்கும். அந்த இடத்தில் வேகம் கூடினால் அன்றைய பயிற்சி முடிந்தது என்று பொருள். அடுத்த இரண்டு மூன்று நாள் வலி இயல்பு. அடுத்தடுத்த வாரங்களில் அதே வேலைக்கு வலி குறையும். முதல் நாளே 30 முறை இறங்கினால் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கக்கூடும். கை வீங்கி, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ‘30 நாளில் 10 புல்-அப்’ என்று நாள் தவறாமல் செய்யச் சொல்லும் வீடியோக்கள் இதைச் சொல்வதே இல்லை.

இரண்டாவது வழி பேண்ட். கம்பியில் மாட்டி, காலை நுழைத்துக்கொள்ளும் ரப்பர் பேண்ட் எடையின் ஒரு பங்கைத் தாங்குவதால் விரல்களுக்கும் சுமை குறையும். ஆனால் இழுபடும் அளவுக்கே ரப்பர் உதவும். கீழே தொங்கும்போது 20 கிலோ தாங்கும் பேண்ட், மேலே சுருங்கியதும் 5 கிலோகூடத் தாங்காமல் போகலாம். கடைசி நாலு விரற்கடையில் அவர் ஏறக்குறைய தனியாகவே இருக்கிறார். எனவே பேண்டோடு மட்டும் பழகியவர் அங்கேயே மாட்டிக்கொள்கிறார். நெகட்டிவ் தொடங்குவது அந்த உச்சியில்தான். அங்கே 3 வினாடி நின்று இறங்கினால் பேண்ட் விட்ட இடம் நிரம்பும். பேண்டில் விரிசல் தெரிந்தால் பயன்படுத்தக் கூடாது. அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

மூன்றாவது வழி, இன்வர்ட்டட் ரோ. இடுப்பு உயரக் கம்பிக்கு அடியில் மல்லாந்து, குதிகால் தரையில் ஊன்ற, பலகை போல் விறைத்த உடலை மார்பு கம்பியைத் தொடும்வரை இழுப்பது. குதிகால் ஒரு பங்கைச் சுமப்பதால், நம் 60 கிலோக்காரரின் கைகளுக்கு 40 கிலோ அளவில்தான் வரும். கம்பியை உயர்த்தி உடலை நிமிர்த்தினால் இன்னும் குறையும். பிடி தளர்ந்தால் முதுகு தரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் நெகட்டிவ் முடிந்து விரல்கள் ஓய்ந்தபின்பும் 8 முறை வீதம் 3 சுற்று செய்ய முடிகிறது. முதுகுக்கு வேண்டிய அளவு வேலை இங்கேதான் கிடைக்கிறது. இடுப்பு தொய்ந்தால் உடல் பலகையாக நிற்கவில்லை என்று பொருள். அப்போது முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றிச் செய்வதே சரி.

இறக்கம் 10 வினாடிக்கு நீண்டு, வேகம் எங்கும் கூடாமல் 3 முறை வந்துவிட்டால், மிக மெல்லிய பேண்டோடு ஒரே ஒரு முறை ஏறிப் பார்க்கலாம். மோவாய் கம்பியைத் தாண்டினால் அடுத்த வாரம் பேண்ட் இல்லாமல் முயலலாம்.