வதந்திச் செய்தியை இனங்காணல்

வதந்திச் செய்தியை இனங்காணல் என்பது, கைபேசி வழியாகப் பரவும் ஒரு செய்தி பொய்யானதா என்பதை அதன் சொற்கள், மூலம், பரவும் முறை ஆகியவற்றைக் கொண்டு ஆராய்வதாகும். 2018இல் இந்தியாவில் வாட்சப் வழியாகப் பரவிய குழந்தைக் கடத்தல் வதந்தி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த மூதாட்டி ஒருவர் கடத்தல்காரர் எனத் தவறாகக் கருதப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார்.

== சொற்களும் மூலமும் ==

இத்தகைய செய்திகளில் "நேற்று", "நம் ஊரில்" போன்ற சொற்கள் இருக்கும், தேதி இராது. தேதியற்ற "நேற்று" எத்தனை மாதங்கள் கழித்துப் படித்தாலும் நேற்றாகவே இருக்கும். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் அதே செய்தி அடுத்த மாவட்டத்திற்கும் பொருந்திவிடும். "காவல்துறை எச்சரிக்கை" என்று இருந்தாலும் எந்தக் காவல் நிலையம், என்ன வழக்கு என்பது இராது. ஆகவே, ஐயத்திற்குரிய ஒரு தொடரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுபொறியில் தேடுதல் பயன்தரும். வேறு ஊர்ப்பெயருடன் அதே வாக்கியம் கிடைத்தால் ஐயம் பெருமளவு நீங்கும்.

அப்போது பரவிய நிகழ்படத்தில், தெருவில் விளையாடும் சிறுவர்களுள் ஒருவனை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தூக்கிச் செல்கின்றனர். அது பாக்கித்தானின் கராச்சியில் ரோஷ்ணி எல்ப்லைன் என்னும் அமைப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். மூலப்படத்தில் அவர்கள் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, ஓர் அறிவிப்புப் பலகையைக் காட்டுகின்றனர். அந்த இறுதிப் பகுதி வெட்டப்பட்டிருந்தது. நிகழ்வின் உச்சத்தில் சட்டென முடியும் நிகழ்படத்தில், அடுத்து என்ன நடந்தது என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி. அதன் ஒரு சட்டகத்தைப் படமாக எடுத்துத் தலைகீழ்ப் படத்தேடலில் இட்டால் பழைய பதிப்புகள் அகப்படக்கூடும்.

== பரவும் முறை ==

2018 சூலை 1 அன்று மகாராட்டிரத்தின் துளே மாவட்டத்தில் இதே வகை வதந்தியால் ஐவர் கொல்லப்பட்டனர். அம்மாதமே வாட்சப், முன்னனுப்பப்பட்ட செய்திகளுக்கு அடையாளம் இட்டதுடன், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு வரம்பும் விதித்தது. 2019 முதல், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கைகள் மாறி வந்த செய்தியில் இரட்டை அம்புக்குறி தோன்றுகிறது. இது சங்கிலியின் நீளத்தையே காட்டுகிறது. எத்தனை பேர் பெற்றனர் என்பதைக் காட்டுவதில்லை. ஒருவரே நூறு குழுக்களுக்கு அனுப்பினாலும் சங்கிலியின் நீளம் ஒன்றுதான்.

செய்தியை முன்னனுப்பாமல் நகலெடுத்து ஒட்டினாலோ, நிகழ்படத்தைச் சேமித்துப் புதிதாக ஏற்றினாலோ இந்த எண்ணிக்கை மீண்டும் தொடக்கத்திலிருந்தே வரும். எனவே அம்புக்குறி இல்லாமை ஒரு செய்தி மெய் என்பதற்குச் சான்றாகாது. அதேபோல், அம்புக்குறி உள்ள செய்தி பொய்யாகவே இருக்கவேண்டும் என்பதுமில்லை. உண்மையான புயல் எச்சரிக்கையும் பல கைகள் மாறியே வருகிறது. ஆனால் அதில் வெளியிட்ட வானிலை மையத்தின் பெயரும் தேதியும் நேரமும் இருக்கும், அம்மையத்தின் தளத்தில் சரிபார்க்கவும் இயலும்.